காப்புறுதிப் பத்திரத்தில் ஓர் இலக்கம், மரணச் சான்றிதழில் வேறோர் இலக்கம்: இறந்தது ஒரே மாடுதான் என்பதை எப்படிக் காட்டுவது?

வேணி, லிந்துல

எங்களிடம் இருந்த இரண்டு பசுக்களில் ஒன்று, மார்ச் 11 செவ்வாய் இரவு மூன்றாம் கன்றை ஈன்று, வியாழன் விடியும் முன்னரே இறந்துவிட்டது. புதன் மாலை படுத்தது எழும்பவில்லை. காதுகள் குளிர்ந்து, தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கிடந்தது. இரவு எட்டு மணியளவில் வந்த மிருக வைத்தியர் பால் காய்ச்சல் என்று சொல்லி நாளத்தில் கல்சியம் ஏற்றினார். அரை மணித்தியாலத்தில் அது எழுந்து நின்று சாணமிட்டது; நாங்களும் தப்பிவிட்டது என்று எண்ணித்தான் படுத்தோம். விடியற்காலை பார்க்கும்போது உயிர் இல்லை. அன்று காலை பத்து மணிக்கு அதே வைத்தியர் வந்து மரணப் பரிசோதனை செய்தார், பின்னேரம் புதைத்தோம்.

காப்புறுதித் தொகை 200,000 ரூபா. கோரிக்கைப் படிவத்தோடு எல்லாத் தாள்களையும் கொடுத்த பிறகு கிளையிலிருந்து இரண்டு ஆட்சேபனைகளோடு கடிதம் வந்துள்ளது. முதலாவது, காதுத் தகட்டின் இலக்கம். கடந்த செப்டம்பரில் எடுத்த காப்புறுதிப் பத்திரத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் 4417. அந்தத் தகடு ஜனவரியில் கொட்டில் கம்பியில் சிக்கிக் காது கிழிந்து விழுந்துவிட்டது. மற்றப் பசுவைச் சினைப்படுத்த வந்த உத்தியோகத்தர் அதைக் கண்டு, மறு காதில் 6082 என்ற புதிய தகட்டை அடித்துவிட்டுப் போனார். காப்புறுதிக்கு அறிவிக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது மரணச் சான்றிதழில் 6082 என்றும், பரிசோதனைக் குறிப்பில் 6032 என்றும் இருக்கிறது. மூன்று தாளில் மூன்று இலக்கம்.

இரண்டாவது, பரிசோதனைக் குறிப்பில் "குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதப்பட்டிருப்பதால் மரணத்திற்கான காரணம் நிரூபிக்கப்படவில்லை என்கிறார்கள். புதிய தகடு என் கையில் இருக்கிறது, பழையது கிடைக்கவில்லை. என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜு, மஸ்கெலியா

அக்கா, இதற்கு அதிகம் அலையத் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரிடம் "இன்னாருடைய மாடு இறந்தது உண்மை" என்று ஒரு கடிதமும், சமாதான நீதவான் முன்னிலையில் "4417உம் 6082உம் ஒரே மாடு" என்று ஒரு சத்தியக்கூற்றும் எடுத்துக் கொடுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கு அப்படித்தான் சரிவந்தது. 6032 என்றிருப்பதை வைத்தியரிடம் கொண்டுபோய் அந்தத் தாளிலேயே 3ஐ 8 ஆக்கித் தரச் சொன்னால் போதும்.

செல்வம், வெலிமடை

தகடு தொலைந்தால் புதியதைக் கால்நடை வைத்திய அலுவலகத்திலேயே அடித்துத் தருவார்கள், கடையில் வாங்கி நீங்களாக அடிக்கக் கூடாது. சென்ற வருடம் என் கிடாரி ஒன்று கரட் பாத்திக்கு மேலிருந்த பள்ளத்தில் உருண்டு விழுந்து இறந்தது. மழையென்று அன்றே புதைத்துவிட்டு மறுநாள் சொன்னேன். வைத்தியர் உடலைப் பார்க்காமல் சான்றிதழ் எழுத முடியாது என்றார். ஒரு சதமும் கிடைக்கவில்லை. உங்களுக்குப் பரிசோதனையாவது நடந்திருக்கிறது.

வேணி, லிந்துல

தகடு வாங்குவதைப் பற்றிக் கேட்கவில்லை அண்ணன், மாடு இறந்துவிட்டது. இருந்தாலும் உங்கள் கதையைக் கேட்கக் கவலையாக இருக்கிறது.

முன்னாள் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர், பண்டாரவளை

ராஜு சொன்னதில் பாதி போதாது, பாதி ஆபத்து. முதலில் ஆபத்தான பாதியைச் சொல்கிறேன்: கொடுத்த தாளில் எந்த இலக்கத்தையும் மேலெழுதித் திருத்த வேண்டாம். வைத்தியரே திருத்தினாலும், கிளையிடம் ஏற்கெனவே 6032 என்ற பிரதி இருக்கும்போது 6082 என்று திருத்திய தாள் பின்னால் போனால் அவர்கள் கண்ணுக்கு அது மோசடியாகத்தான் தெரியும். வைத்தியரிடம் தனியாக ஒரு திருத்தக் கடிதம் கேளுங்கள். இன்ன திகதியில், இன்ன இடத்தில், இன்னாருடைய பசுவைப் பரிசோதித்ததாகவும், குறிப்பில் 6032 என்று பதிவானது எழுத்துப் பிழை என்றும், சரியான இலக்கம் 6082 என்றும் அவர் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தரலாம். கொட்டிலில் நின்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியதைப் பின்னர் பிரதி செய்யும்போது 8 என்பது 3 ஆவது நான் பலமுறை பார்த்த விடயம். அவருடைய புத்தகத்தில் 6082 என்று இருந்தால் அந்தப் பக்கத்தின் பிரதியையும் இணையுங்கள்.

அடுத்தது பெரிய இடைவெளி, 4417க்கும் 6082க்கும் நடுவில் உள்ளது. கிளையின் மனதில் உள்ள சந்தேகத்தை நேராகச் சொல்கிறேன்: உங்களிடம் இரண்டு மாடு, வேறொரு மாடு இறந்திருக்க, இந்தப் பத்திரத்தில் உள்ள மாட்டின் பெயரில் பணம் கேட்கிறீர்களோ என்பதுதான் அது. சத்தியக்கூற்று இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காது, ஏனென்றால் அது நீங்கள் சொல்வதை நீங்களே மீண்டும் சொல்வது. கிராம உத்தியோகத்தரும் தகட்டை வாசித்தவர் அல்லர். பணம் கேட்பதற்கு முன்னரே, வேறொருவர் கையால் எழுதப்பட்ட பதிவு வேண்டும்.

கால்நடை வைத்திய அலுவலகத்தில் புதிய தகடு அடித்த பதிவைப் பாருங்கள். பழைய இலக்கமும் அதில் எழுதப்பட்டிருந்தால் வேலை முடிந்தது. எழுதப்படவில்லை என்றால், இந்தப் பசு சினைப்பட்டது எப்போது, அப்போது அட்டையில் எந்த இலக்கம் இருந்தது என்று சொல்லுங்கள்.

வேணி, லிந்துல

நேற்று அலுவலகத்திற்குப் போனேன் ஐயா. வைத்தியர் திருத்தக் கடிதம் தருவதாகச் சொன்னார்; அவர் புத்தகத்தில் 6082 என்றுதான் இருக்கிறது. ஆனால் ஜனவரி 20ஆம் திகதிப் பதிவில் "தகடு இல்லை, புதியது 6082, ஏழரை மாதச் சினை" என்று மட்டுமே உள்ளது. பழைய இலக்கம் இல்லை. செயற்கைச் சினைப்படுத்தல் அட்டை வீட்டில் இருந்தது: 2024 ஜூன் 4, தகடு 4417.

முன்னாள் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர், பண்டாரவளை

நீங்கள் தேடிய சங்கிலி அந்த அட்டையில்தான் இருக்கிறது. ஜூன் 4இலிருந்து நாட்களை எண்ணிப் பாருங்கள்: ஜனவரி 20 வரை 230 நாள், அதாவது ஏழரை மாதம், உத்தியோகத்தர் 6082க்கு எழுதியதும் அதுவே. மார்ச் 11 வரை 280 நாள். பசுவின் சினைக்காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 4417 என்ற பெயரில் சினைப்பட்ட பசுவும் 6082 என்ற பெயரில் ஈன்ற பசுவும் ஒரே வயிறு என்பதை இந்த மூன்று திகதிகளும் சொல்கின்றன, அவற்றில் இரண்டு அரச உத்தியோகத்தர் கையெழுத்தில் உள்ளவை. உங்கள் மற்றப் பசு ஜனவரியில்தான் சினைப்படுத்தப்பட்டது என்பதால் அது மார்ச்சில் ஈன்றிருக்க முடியாது. அதன் அட்டையையும் சேர்த்து வையுங்கள், அது இன்றும் தன் சொந்தத் தகட்டோடு கொட்டிலில் நிற்பதை வந்து பார்க்கும்படி கடிதத்திலேயே அழையுங்கள்.

இன்னொன்று. செப்டம்பரில் முகவர் படம் எடுத்திருப்பாரே? பிரீசியன் இரத்தம் உள்ள மாட்டின் கறுப்பு வெள்ளைத் திட்டுகளின் எல்லை வயதோடு மாறுவதில்லை. இறந்த பின் நீங்கள் கைபேசியில் எடுத்த படம் இருந்தால், இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, நெற்றிச் சுட்டியையும் விலாத் திட்டையும் வட்டமிட்டுக் கொடுங்கள். பத்திரத்தில் "பிரீசியன்" என்றும் சான்றிதழில் "பிரீசியன் ஜேர்சி கலப்பு" என்றும் இருந்தால் அதையும் திருத்தக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆட்சேபனை அதுவாகத்தான் இருக்கும்.

கால்நடை வைத்தியர், நுவரெலியா

இரண்டாவது ஆட்சேபனைக்கு நான் பதில் சொல்கிறேன். பால் காய்ச்சல் என்பது இரத்தத்தில் கல்சியம் குறைவதால் வருவது. அது உடலுறுப்புகளில் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை விட்டுச் செல்வதில்லை. ஆகவே உடலைத் திறந்து பார்த்து "மாற்றம் இல்லை" என்று எழுதுவது இந்நோய்க்கு முரணானதல்ல. கருப்பை கிழியவில்லை, உள்ளே இரத்தப்போக்கு இல்லை, இரைப்பையில் கம்பி குத்தவில்லை, நுரையீரலில் மருந்து இறங்கிய தடயம் இல்லை என்று பார்த்திருந்தால், ஈன்ற பசு திடீரென இறப்பதற்கான மற்றக் காரணங்கள் விலக்கப்பட்டிருக்கின்றன. குறிப்பில் இவை தனித்தனியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ஒரே வரியில் முடித்திருந்தால், பார்த்த உறுப்புகளை விரித்து எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் பார்க்காததை எழுதச் சொல்லக் கூடாது.

காரணத்தை நிறுவுவது உண்மையில் புதன் இரவுச் சிகிச்சைப் பதிவுதான். ஈன்று ஒரு நாளுக்குள் விழுந்தது, காது குளிர்ந்தது, கழுத்து மடிந்தது, கல்சியம் ஏற்றிய அரை மணித்தியாலத்தில் எழுந்தது என்ற வரிசையே நோய் நிர்ணயம். அப்படி எழுந்த பசு அடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் மறுபடி விழுவது அபூர்வமல்ல, கவனிக்க ஆளில்லாத நடுநிசியில் விழுந்தால் வயிறு ஊதி மூச்சடைத்து இறந்துவிடும். சிகிச்சைச் சீட்டின் பிரதியையும், "மருத்துவ அறிகுறிகளின்படியும் சிகிச்சைக்குக் காட்டிய பலனின்படியும் பால் காய்ச்சல்" என்ற ஒரு வாக்கியத்தையும் கேட்டுப் பெறுங்கள். "உறுதி செய்யப்பட்டது" என்று எழுதும்படி கேட்காதீர்கள். எந்த நேர்மையான வைத்தியரும் அப்படி எழுதமாட்டார்.

ராஜு, மஸ்கெலியா

அப்படியானால் இறந்த மாட்டில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்திற்கு அனுப்பியிருக்கலாமே டொக்டர்?

கால்நடை வைத்தியர், நுவரெலியா

இறந்த பின் இரத்தத்தின் கல்சிய அளவை நம்ப முடியாது, அதுவும் முதல்நாள் இரவு கல்சியம் ஏற்றிய மாட்டில். சிகிச்சைக்கு முன் ஒரு குழாயில் இரத்தம் எடுத்து வைத்திருந்தால் பயன்பட்டிருக்கும், ஆனால் இரவில் டோர்ச் வெளிச்சத்தில் மாட்டைக் காப்பாற்றப் போகிறவர் காப்புறுதியை நினைத்துக்கொண்டு போவதில்லை. ஒரு வார்த்தை பொதுவாக: முன்னறிகுறி எதுவுமின்றி இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் வடிந்தால், அந்திராக்ஸ் சந்தேகத்தில் அந்த உடலைத் திறக்கவே மாட்டோம். அந்நிலையில் பரிசோதனைக் குறிப்பு இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

வேணி, லிந்துல

எல்லாவற்றையும் சேர்த்து இன்று கிளையில் ஒப்படைத்தேன்: திருத்தக் கடிதம், புத்தகப் பக்கம், இரண்டு சினை அட்டைகள், ஜனவரிப் பதிவின் பிரதி, சிகிச்சைச் சீட்டு, படங்கள். வைத்தியர் கருப்பை, நுரையீரல், இரைப்பை என்று பிரித்து எழுதித் தந்தார். பாரமெடுத்தவர் இலக்கப் பிரச்சினை தீர்ந்த மாதிரித்தான் என்றார். ஆனால் தகடு மாறியதை உடனே அறிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தின் பின்பக்கத்தில் இருப்பதாகவும், அதை மேலிடம்தான் தீர்மானிக்கும் என்றும் சொன்னார். பத்திரம் ஆங்கிலத்தில் இருப்பதால் நாங்கள் வாசிக்கவில்லை.

முன்னாள் கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தர், பண்டாரவளை

அதில் நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது, மகள். நிபந்தனை இருந்தால் அது இருக்கிறது. தகடு மாறியதால் நிறுவனத்திற்கு நட்டம் எதுவும் நேரவில்லை, மாடு அதே மாடுதான், மறைத்த நோக்கமில்லை, அரச பதிவில் அன்றே எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுத்தால் வாய்வார்த்தையை ஏற்காமல், எந்த நிபந்தனையின்படி என்று குறிப்பிட்ட கடிதமாகவே கேளுங்கள். தனியார் நிறுவனமானால் அந்தக் கடிதத்தோடுதான் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போக முடியும்.

மற்றப் பசுவின் தகட்டு இலக்கத்தை இன்றே பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

வேணி, லிந்துல

பார்த்தேன் ஐயா. தகட்டில் 4471, பத்திரத்தில் 4477. நாளை காலை மறுபடி கிளைக்குப் போகிறேன்.