உடையின் லேபிளில் இருக்கும் மனித உருவப் படத்துக்குக் கலைச்சொல்

கயல்விழி:
அனைவருக்கும் வணக்கம். இணையத் துணிக்கடைகளுக்கான ஒரு கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கி வருகிறோம். அதில் ஒரு சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நிற்கிறேன். ஐரோப்பாவிலிருந்து வரும் உடைகளின் லேபிளில் சில சமயம் ஒரு ஆள் நிற்பதுபோல் கோட்டோவியம் இருக்கும். மார்பு, இடுப்பு, பின்புறம் ஆகிய இடங்களில் குறுக்குக்கோடும் பக்கவாட்டில் உயரத்துக்கு ஒரு நெட்டுக்கோடும் போட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் எண் தந்திருப்பார்கள். என் முன்னால் இருக்கும் பெண்கள் ஜாக்கெட்டில் 88, 72, 96, உயரம் 168. எல்லாம் சென்டிமீட்டர்.

பழைய கோப்பில் யாரோ "அளவுச் சின்னம்" என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு நிறைவில்லை. "உடலளவுப் படக்குறி" எப்படி? இன்னொரு சிக்கலும் உண்டு. 72, 96 இரண்டையும் நாம் "இடுப்பு" என்றுதானே சொல்கிறோம்?

ராமநாதன்:
"அளவுச் சின்னம்" போதுமே அம்மா. எதற்கு நீட்ட வேண்டும்? சட்டையின் அளவைத்தானே அது சொல்கிறது. அந்த அளவும் சரியாக இருப்பதில்லை என்பது வேறு கதை. மகன் அனுப்பிய சட்டை ஒன்றில் மார்புக்கு நேரே 96 என்று போட்டிருந்தது. கட்டிலில் விரித்து அக்குளுக்கு அக்குள் டேப் வைத்தேன். 53. இரண்டால் பெருக்கினால் 106. பத்து சென்டிமீட்டர் கூடுதல்! அவர்கள் ஊர் உடம்புக்குப் போடும் கணக்கு நமக்கு ஒத்துவராது.

சண்முகம், திருப்பூர்:
ஐயா டேப் வைத்த இடம் சரிங்க. செக்கிங்கில் நாங்களும் சட்டையை விரித்துப் போட்டு அப்படித்தான் ஹாஃப் செஸ்ட் எடுப்போம். லேபிளும் சரிதான். அந்த 96 சட்டையின் அளவே இல்லைங்க, அதைப் போடப்போகிறவரின் மார்புச் சுற்று. 96 மார்புக்காரர் மூச்சை இழுத்துவிடவும் கையைத் தூக்கவும் அந்த 10 சென்டிமீட்டர் வேண்டும். எங்கள் பேச்சில் அது "லூஸ்".

லூஸ் எவ்வளவு என்பது உடைக்கு உடை மாறும். சட்டைக்கு மேல் போடும் கோட்டுக்குக் கூடுதலாக விடுவோம். ரிப் துணியில் ஒட்டிப் பிடிக்கிற டாப் என்றால் உடம்பைவிடச் சின்னதாகவே வெட்டுவோம், துணி இழுத்துக் கொடுக்கும். 88 மார்புக்கான டாப்பை விரித்து அளந்தால் சுற்று 80கூட வராது, ஆனாலும் லேபிளில் 88தான் நிற்கும். வாங்குகிறவருக்குத் தன் உடம்பின் அளவு தெரிந்தால் போதும், லூஸ் கணக்கு எங்கள் தலைவலி. இந்த முறைக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 13402. அதன் முதல் பகுதி 2001இல் வந்தது. அதற்கு முன்பே ஐ.எஸ்.ஓ. 3635 இருந்தது.

எனவே, பெயரில் "உடல்" கட்டாயம் வேண்டும். "அளவுச் சின்னம்" என்று போட்டால் படிக்கிற எல்லோரும் ஐயாவைப்போல் சட்டையை விரித்து அளப்பார்கள்.

பத்மா:
வாளிபோல ஒரு படம் போட்டு உள்ளே 30 என்று இருக்குமே, அதுவா? அது தண்ணீரின் சூடு. 30 டிகிரிக்கு மேல் போனால் சாயம் போய்விடும். "சலவைக்குறி" என்று ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறதே.

கயல்விழி:
பத்மாம்மா, அது வாஷ்கேர் லேபிள். நான் கேட்பது மனித உருவம் வரும் சைஸ் லேபிள். ஆனால் நீங்கள் சொன்னதும் பயன்பட்டது. அது சலவைக்குறி என்றால் இதுவும் "குறி" என்றே முடியட்டும், இரண்டும் ஒரே குடும்பமாக இருக்கும்.

சிவகுமாரன், யாழ்ப்பாணம்:
எனக்கும் இதிலை ஒரு கேள்வி இருக்கு. தம்பியின்ரை கலியாணத்துக்குக் கொழும்பிலை சீனத்துக் கோட்சூட் ஒண்டு எடுத்தனாங்கள். கோட்டிலை 175/92A, காற்சட்டையிலை 175/78A. படம் ஒண்டும் இல்லை, வெறும் இலக்கம். மாறிக் கட்டிப்போட்டினம், இது ரெண்டு வேறை சைஸ் எண்டு மாமா கடைக்காரனோடை சண்டைக்குப் போயிட்டார். கடைக்காரனுக்கும் விளக்கம் சொல்லத் தெரியேல்லை. அந்த A என்ன எழுத்து?

சண்முகம், திருப்பூர்:
ஒரே சைஸ்தான், உங்கள் மாமாவிடம் சொல்லிவிடுங்கள். சீனத் தரத்தில் முதல் எண் உயரம். இரண்டாவது எண் மேலுடை என்றால் மார்புச் சுற்று, கீழுடை என்றால் இடுப்புச் சுற்று. A என்பது அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஆண்களுக்கு 12 முதல் 16 வரை இருந்தால் A. உங்கள் கணக்கில் 92 கழித்தல் 78, 14. சரியாக வருகிறதா? வித்தியாசம் 17 முதல் 22 என்றால் Y, அகன்ற மார்பும் ஒட்டிய வயிறும். 7 முதல் 11 என்றால் B, 2 முதல் 6 என்றால் C. தொப்பை ஏற ஏற எழுத்து நகரும். பெண்களுக்கும் இதே எழுத்துகள்தான், எண்கள் வேறு. அங்கே A என்றால் 14 முதல் 18.

அதே 175 உயரம், 92 மார்புள்ள ஒருவருக்கு இடுப்பு 84 என்றால் அவர் B. A என்று போட்ட கோட்டை எடுத்தால் மார்பில் உட்காரும், வயிற்றில் பட்டன் இழுக்கும்.

சிவகுமாரன், யாழ்ப்பாணம்:
அப்பிடியெண்டால் அதை "உடல்வாகு எழுத்து" எண்டு போடலாமே? வாகு எண்ட சொல் அதுக்கெண்டே செய்தமாதிரி இருக்கு.

கயல்விழி:
அருமை அண்ணை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இனி இடுப்புக்கு வருவோம். 72க்கு "இடைச் சுற்று", 96க்கு "இடுப்புச் சுற்று" என்று பிரிக்கலாமா?

ராமநாதன்:
சண்முகம் சொன்னது விளங்கியது. "உடல்" வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "இடை" வேண்டாம். கவிதையில் வரும் சொல், பேன்ட் வாங்குகிற ஆணுக்கு ஒட்டாது. அதோடு, இடுப்பு என்றால் நான் பெல்ட் கட்டும் இடம். அதைப் போய்ப் பின்புறத்துக்குக் கொடுப்பதா?

சண்முகம், திருப்பூர்:
பெல்ட் கட்டும் இடமும் அந்த 72 இல்லைங்க. லேபிள் சொல்லும் இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில். இன்று பலர் பேன்ட் போடுவது அதற்கும் கீழே. அங்கே அளந்து வாங்கினால் எண் தவறும். 96 என்பது பின்புறம் மிக எடுப்பாக இருக்கும் இடத்தில் சுற்றி எடுப்பது. கட்டிங் மாஸ்டர்கள் இதைச் "சீட்" என்பார்கள். கேட்டவுடன் புரியும்.

பத்மா:
"சீட்" என்றால் நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது. "பின்புறச் சுற்று" என்று நேராகவே சொல்லலாமே?

ராமநாதன்:
கடைப் பக்கத்தில் "பின்புறச் சுற்று" என்றா? படிக்கிற பெண்கள் முகம் சுளிப்பார்கள்.

பத்மா:
நான் பெண்தான் சார். சுளிக்கவில்லை.

கயல்விழி:
உடலளவுப் படக்குறி, உடல்வாகு எழுத்து இரண்டையும் இன்று ஏற்றிவிட்டேன். 72க்கு இப்போதைக்கு "இடுப்புச் சுற்று", படத்துக்குக் கீழே "விலாவுக்குக் கீழ் அளக்கவும்" என்று ஒரு வரி. 96க்கு "சீட்", "பின்புறச் சுற்று" இரண்டும் கோப்பில் கிடக்கின்றன. வேறு யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.

பத்மா:
போகிற போக்கில் ஒன்று. பேரனுக்கு வந்த ஸ்வெட்டரில் குழந்தைப் படம், நெட்டுக்கோடு மட்டும், 110/116. அவனுக்கு ஐந்து வயது.

சண்முகம், திருப்பூர்:
அது உயரம்தாங்க. அங்கே குழந்தை உடைகளை 6 சென்டிமீட்டருக்கு ஒரு சைஸ் என்று ஏற்றுவார்கள், இதில் இரண்டு சைஸைச் சேர்த்திருக்கிறார்கள். வயதை விடுங்கள். சுவரோடு நிற்கவைத்து அளந்து பாருங்கள். 116ஐத் தாண்டியிருந்தால் இந்தக் குளிருக்குக் கை எட்டாது.