வெப்பநிலை சமன் என்றால் இயக்கசக்தியும் சமன் ஏன்? விளங்கப்படுத்த உதவி தேவை

வணக்கம். களுவாஞ்சிகுடியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். வாயுக்களின் இயக்கப்பண்புக் கொள்கையில் ஓரிடத்தில் வகுப்பு நின்றுவிட்டது.

அமுக்கம் வரும் விதம் பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கிவிட்டது. L நீளமுள்ள கனப்பெட்டியில் u வேகத்தில் ஓடும் மூலக்கூறு சுவரில் பட்டுத் திரும்பும்போது உந்தமாற்றம் 2mu. அதே சுவருக்கு மறுபடி வர 2L/u நேரம் எடுக்கும். ஆகவே சராசரி விசை mu²/L. வேகம் கூடினால் ஒவ்வொரு அடியும் பலமாகும், அடிகளும் அடிக்கடி விழும். u இருமடியில் வருவது அதனால்தான்.

பிறகு pV = ⅓Nm<c²> என்பதை pV = NkT உடன் ஒப்பிட்டு ½m<c²> = 3kT/2 என்று எழுதினேன். 300 K இல் ஒட்சிசனின் இடைவர்க்கமூலக் கதி ஏறத்தாழ 484 m/s, ஐதரசனுக்கு 1934 m/s. திணிவு 16 மடங்கு, கதி கால்வாசி, சக்தி சமன்.

"கணக்குச் சரி சேர். ஆனா பாரமான மூலக்கூறுக்கும் லேசானதுக்கும் ஒரே சக்தி எப்படி வந்தது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். சரியான கேள்வி. சமன்பாடுகளை ஒப்பிடுவது அதற்குக் காரணம் சொல்லாது. கலவையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி, சராசரியில் சக்தி கூடியது குறைந்ததற்குக் கொடுக்கிறது என்றேன். அதை நிறுவிக் காட்டத்தான் வழி தேடுகிறேன். நேருக்கு நேர் மோதலை மட்டும் எடுத்தால் போதுமா? போல்ட்ஸ்மன் பரம்பலுக்குள் போகாமல், உந்தக் காப்பையும் சக்திக் காப்பையும் வைத்தே இதைப் படிப்பித்த சேர்மார், டீச்சர்மார் இருந்தால் உங்கள் படிமுறையை எழுதுங்கள். கையெழுத்துக் குறிப்பின் படம் என்றாலும் போதும்.