பொருள்: சிறிய விசைப்பலகை வகைகளுக்குத் தமிழ்ப் பெயர்

ரோஸ் ஹில், மொரீஷியஸ், தமிழாசிரியர்

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி அறைக்குச் சிறிய விசைப்பலகைகள் வாங்கப் போகிறார்கள். கடைக்காரர் டென்கீலெஸ், சிக்ஸ்டி பெர்சென்ட் என்று இரண்டு வகை சொல்கிறார். மாணவர் கையேட்டில் போட இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் ‘குறுவிசைப்பலகை’ என்று எழுதிவிடலாமா?

காத்ர் போர்ன்

நல்ல பெயர். என் மகளுக்குக் கை சின்னது. விசைகள் குறுகலாக இருந்தால் அவளுக்கு எட்டும். எங்கே கிடைக்கும், ஆசிரியரே?

போர்ட் லூயிஸ், கணினி பழுதுபார்ப்பவர்

அம்மா, விசைகள் சிறிதாவதில்லை. முழுப்பலகையைப் போலவே ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 19 மி.மீ. இடைவெளி இருக்கும். குறைவது விசைகளின் எண்ணிக்கைதான். அதனால்தான் ‘குறுவிசை’ எனக்குச் சரியாகப் படவில்லை. படித்தவுடன் உங்களுக்குத் தோன்றியதுதான் மாணவர்களுக்கும் தோன்றும்.

அமெரிக்க அமைப்பில் முழுப்பலகைக்கு 104 விசை. வலது ஓரத்து எண்திட்டை நீக்கினால் 87. அதுதான் டென்கீலெஸ். அதிலிருந்து F1 வரிசை, அம்புகள், Home, End, Delete எல்லாவற்றையும் எடுத்தால் 61 மிஞ்சும். 104இல் 61 ஏறக்குறைய 60 விழுக்காடு. பெயர் வந்த வழி அது. அகலக் கணக்கு இல்லை.

எதை இழக்கிறோம் என்று பெயரே சொல்ல வேண்டும். முதல் வகைக்கு ‘எண்திட்டிலா விசைப்பலகை’, இரண்டாவதற்கு ‘அம்பிலா விசைப்பலகை’ என்பது என் முன்மொழிவு.

ரெதுயி, மாணவர்

ஐயா, எதையும் இழப்பதில்லையே! Fn விசையை அழுத்திக்கொண்டு தட்டினால் அம்பு, Delete, F5 எல்லாம் வரும். நான் அப்படித்தான் நிரல் எழுதுகிறேன். ஒரே விசையின் மேல் இன்னொரு வேலையை அடுக்கியிருப்பதால் ‘அடுக்கு விசைப்பலகை’ என்பதே பொருத்தம்.

போர்ட் லூயிஸ்

அம்பு வரும் தம்பி, அது சரி. ஆனால் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க Ctrl, Shift, அம்பு என்று மூன்று விசை போதுமாக இருந்தது. இப்போது Fn சேர்ந்து நான்கு. எண்திட்டோ பல பலகைகளில் Fn அடுக்கிலும் இருக்காது, எண்ணோடு Fn சேர்த்தால் F1, F2 தான் வரும். இங்கே பிரெஞ்சுக் கடிதம் அடிப்பவர்கள் பலர் é வேண்டுமென்றால் Alt-ஐ அழுத்திக்கொண்டு 0233 தட்டுவார்கள். விண்டோஸில் அதற்கு எண்திட்டின் எண்கள்தான் வேண்டும். மேல்வரிசை 1-உம் எண்திட்டின் 1-உம் கணினிக்கு வெவ்வேறு விசைகள். தட்டிப் பாருங்கள், é வரவில்லையென்றால் உங்கள் பலகையில் எண்திட்டு உள்ளேயும் இல்லை.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆசிரியர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 61 விசைப் பலகைகள் சிலவற்றில் மேலம்பும் / குறியும் ஒரே விசையில் இருக்கும். ஏதோ ஒரு Fn சேர்க்கை தெரியாமல் அழுந்தினால் அம்பு முதன்மையாகி, / வர Fn தேவைப்படும். தமிழ்99இல் ழ இருப்பது அந்த / விசையில். மாணவர் ‘தமிழ்’ என்று அடிக்கும்போது ‘தமி’ வரை ஒழுங்காக வரும், பிறகு இடஞ்சுட்டி மேல்வரிக்குத் தாவிவிடும். அடுத்துத் தட்டுவது அங்கே போய் விழும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு. பழைய நிலைக்கு மாற்றினால் போதும்.

இதைத் தவிர 61 விசைக்குள் தமிழ்99 முழுதாக அடங்கும். ச, ஞ இருக்கும் சதுர அடைப்புக்குறி விசைகளும் உண்டு. அதைவிடச் சிறிய, நாற்பது என்று விற்கும் பலகைகளில்தான் அவை காணாமல் போகும்.

சேன் பியேர், ரெயூனியன்

எங்கள் பக்கம் பிரெஞ்சு அசெர்ட்டி பலகை. அதில் é தனி விசையாகவே உண்டு, Alt வேண்டாம். ஆனால் மேல்வரிசையில் எண் வர ஒவ்வொரு முறையும் Shift அழுத்த வேண்டும். நான் கடைக் கணக்கு எழுதுகிறவள். எண்திட்டு இல்லாமல் ஒரு பட்டியலை முடிப்பதற்குள் இடது கை வலிக்கிறது. ஆகவே ‘எண்திட்டிலா’ என்ற பெயருக்கு என் வாக்கு, வாங்கும் முன்பே எச்சரிக்கும்.

‘அம்பிலா’ மட்டும் இடிக்கிறது. F வரிசை போனதை அது சொல்லவில்லையே?

ரெதுயி

மேலும் 65 என்று ஒரு வகை இருக்கிறது. அம்பு உண்டு, F வரிசை இல்லை. அதை என்னவென்று சொல்வது?

ரோஸ் ஹில்

எல்லோருக்கும் நன்றி. ‘எண்திட்டிலா’ கையேட்டில் ஏறுகிறது, பள்ளிக்கும் அதையே கேட்கப் போகிறேன். கூடுதலாக ஒரு எண்திட்டைத் தனியாக வாங்கி யூஎஸ்பியில் செருகிக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். 61க்கு இப்போதைக்கு ‘அறுபத்தொரு விசைப் பலகை’ என்று எண்ணால் குறிக்கிறேன். அதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள், கையேடு இன்னும் அச்சுக்குப் போகவில்லை.