குளோரின் அடித்தும் லெஜியோனெல்லா திரும்ப வருகிறது, டோஸ் எவ்வளவு ஏற்றணும்?

கோவை_மெயின்டனன்ஸ்: அவசரம். ஹோட்டல் வெந்நீர் லைன்ல லெஜியோனெல்லா கிருமி. போன மாசம் டேங்க்ல குளோரின் போட்டோம், அடுத்த நாளே எடுத்த சாம்பிள் கிளீன். இப்ப ஒரு லிட்டருக்கு 1,800. டோஸ் எவ்வளவு ஏத்தலாம்?

பிளம்பர்_சேகர்: ஹீட்டரை 70 டிகிரியில வைங்க சார். எல்லாம் செத்துடும்.

வால்வு_வாத்தியார்: எந்த ரூம்? ஹீட்டருக்குத் திரும்புற ரிட்டர்ன் பைப் எத்தனை டிகிரி? குழாயைத் திறந்தவுடனே பிடிச்சதா, ஓடவிட்டுப் பிடிச்சதா? இது எதுவும் சொல்லாம டோஸ் கேட்கிறது நாடி பார்க்காம மாத்திரை கேட்கிற மாதிரி.

மாடி_வீட்டுக்காரன்: எங்க சோலார் ஹீட்டர் தண்ணியும் நாறுது. இதுதானா?

நீர்_லேப்: இல்லைங்க, லெஜியோனெல்லாவுக்கு வாசனை கிடையாது. கோவை சார், அடுத்த நாள் எடுத்த சாம்பிளை நம்பாதீங்க. குறைஞ்சது 48 மணி நேரம் விடணும். பாட்டில்ல தயோசல்ஃபேட் இல்லைன்னா மிச்சக் குளோரின் வழியிலேயே கிருமியைக் கொன்னுடும், ரிப்போர்ட் பொய்யா கிளீன்னு வரும்.

கோவை_மெயின்டனன்ஸ்: 2-வது மாடி கிழக்குப் பக்கம் மட்டும். ஓடவிட்டுப் பிடிச்சது. ஹீட்டர் 60ல தான் இருக்கு.

நீர்_லேப்: ஓடவிட்ட பிறகும் வருதுன்னா ஷவர் தலையில மட்டும் கோளாறு இல்ல, பின்னாடி லைன்லயே இருக்கு. ஹீட்டர் 60 காட்டினா மட்டும் போதாது. அந்த மாடி ரிட்டர்ன் 50க்குக் கீழ போகக் கூடாது. ஷவர்ல மிக்ஸிங் வால்வு இருந்தா அதுக்கு முன்னாடி பைப்ல அளங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள 50 வரணும். கிருமி பெருகுறது 20 முதல் 45 வரை. அப்புறம், அந்தப் பக்கம் பாத்டப், வாஷ்பேசின் ஏதாவது எடுத்துட்டு பைப்பை மூடி வச்சிருக்கீங்களா? மூடின துண்டுல ஓட்டம் இல்ல, அதனால குளோரினும் உள்ள போகாது, சூடும் போகாது. உள்ளே படிஞ்ச கிருமிப் படலம்தான் திரும்பத் திரும்ப லைனுக்கு விதைக்குது.

பிளம்பர்_சேகர்: அதுக்குத்தான் 70ன்னேன்.

நீர்_லேப்: ரிட்டர்ன் வால்வு அடைச்சிருந்தா 70 வச்சாலும் அந்த மாடிக்கு வராது. மத்த ரூம்ல கெஸ்ட் கை வெந்துடும்.

வால்வு_வாத்தியார்: குளிர்நீர் 20க்குக் கீழன்னு வெளிநாட்டுப் புத்தகம் சொல்லும். நம்ம மொட்டைமாடி டேங்க்ல கோடையில நடக்குற காரியமா?

பிளம்பர்_சேகர்: டேங்கை நிழல்ல வைக்கலாமே.

வால்வு_வாத்தியார்: நிழலுக்கு 20 வராது தம்பி. கடைசிக் குழாயில குளோரின் நிக்குதான்னு பார்க்கிறதுதான் வழி.

நீர்_லேப்: ரெண்டும் வேணும். நிழல் சூட்டைக் குறைக்கும், குளோரினும் சீக்கிரம் குறையாது. டோஸ் கேட்டீங்களே: 50 பிபிஎம், ஒரு மணி நேரம். 2,000 லிட்டருக்கு 10% ஹைப்போ ஒரு லிட்டர், பழைய கேன்னா வீரியம் குறைஞ்சிருக்கும். ஹீட்டரை அணைச்சு ஆறவிட்டுப் போடுங்க. எல்லாக் குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடணும், ஒரு மணி நேர முடிவுல 30 பிபிஎம்முக்குக் கீழ இறங்கியிருந்தா திரும்பச் செய்யணும். அதுவரை அந்த ரூம்களைக் கெஸ்ட்டுக்குத் தராதீங்க. மூடின பைப்பை முதல்ல மெயின் லைன்ல பிரியுற டீ ஜாயின்ட் வரை வெட்டுங்க. அதுக்கு முன்னாடி குளோரின் வீண்.

கோவை_மெயின்டனன்ஸ்: ரிட்டர்ன் 43. பால்ஸ் சீலிங் மேல 3 மீட்டர் மூடின பைப் இருக்கு, பழைய பாத்டப் லைன். நாளைக்கு வெட்டுறோம்.

நீர்_லேப்: 43க்கு அந்தப் பைப் மட்டும் காரணமா இருக்காது. ஒவ்வொரு லைனுக்கும் ஓட்டத்தைப் பங்கிடுற பேலன்சிங் வால்வைப் பாருங்க.

பிளம்பர்_சேகர்: வால்வு பார்த்தீங்களா சார்?