உறைக்கிணற்றில் மழைத்தண்ணீர் இறங்குகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தரைக்குக் கீழே 18 அடி, மேலே 2 அடி என்று கணக்குப் போட்டு, ஒரு அடி உயர உறை 20 இறக்கினோம். ஊற்று வர வேண்டுமே என்று கீழே 8 உறைகளைக் கலவை இல்லாமல் அப்படியே அடுக்கி, அதற்கு மேல் ஒவ்வொரு இணைப்பிலும் அரை அங்குலம் சிமெண்ட் கலவை வைத்தார்கள், அதில் மட்டும் உயரம் அரை அடி கூடிவிட்டது, அது போகட்டும்.

இப்போது பிரச்சினை மேலே. மழை பெய்த மறுநாள் எட்டிப் பார்த்தால், தரையிலிருந்து இரண்டடி கீழே உள்ள இணைப்பில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு வழிந்து நிற்கிறது, நகத்தால் சுரண்டினால் கலவை பொடிப்பொடியாக உதிர்கிறது. உறை விளிம்பை நனைக்காமல் வைத்ததால் காய்ந்த கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சிவிட்டது என்று நினைக்கிறேன்.

உள்ளிருந்து இணைப்பைக் கொத்தி 1:3 கலவை வைத்தால் போதுமா, இல்லை வெளியே நாலடி தோண்டிப் பூசி, களிமண் போட்டு இடித்தால்தான் நிற்குமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் மூடி. வெளி விட்டம் மூன்றரை அடி, 4 அங்குல கனத்தில் ஒரே பலகையாக வார்த்தால் 200 கிலோவுக்கு மேல் வரும். இரண்டு பாதியாக வார்த்தால் தூக்கலாம், ஆனால் நடு இடுக்கில் தண்ணீர் இறங்காதா?