முதல் பெருக்கல் குறியை எங்கே போட வேண்டும்? என் விடையும் பயிற்சி நூலின் விடையும் ஒத்துப்போகவில்லை

இரண்டாம் ஆண்டு மாணவி:

பிரசவக் கட்டங்கள் பாடத்தை முடித்துவிட்டு, பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று மணிவாரியாகக் குறிக்கிற பார்ட்டோகிராஃப் படிவத்தில் பயிற்சிக் கேள்வி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். விடை இடிக்கிறது. நேற்று இரவு முழுக்க உட்கார்ந்தும் எங்கே தப்பு என்று பிடிபடவில்லை.

கேள்வி இதுதான். முதல் பிரசவம். காலை 10 மணிக்குச் சேர்க்கிறார்கள். கருப்பை வாய் 6 செ.மீ. விரிந்திருக்கிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் தலை ஐந்தில் மூன்று பங்கு இடுப்பெலும்புக்கு மேலே தெரிகிறது. பனிக்குடம் உடையவில்லை. 10 நிமிடத்தில் 3 வலி, ஒவ்வொன்றும் 30 நொடி. குழந்தையின் இதயத் துடிப்பு 140. மதியம் 2 மணிக்கு மறுபடி பார்க்கிறார்கள். இப்போது 8 செ.மீ. தலை அதே ஐந்தில் மூன்றுதான். 10 நிமிடத்தில் 2 வலி, 25 நொடி. துடிப்பு 136. பனிக்குடம் இன்னும் உடையவில்லை. மண்டை எலும்புகள் ஒன்றையொன்று தொடுகின்றன, ஏறவில்லை.

படிவம் 4 செ.மீ.யில் தொடங்குவது. நான் இடது ஓரத்தில், பூஜ்ஜியம் மணியில் 6 செ.மீ.க்குக் குறி போட்டேன். நான்கு மணி நேரம் தள்ளி 8 செ.மீ.க்குப் போட்டேன். அது சரியாகப் படிவத்தில் அச்சிட்டிருக்கிற அலர்ட் கோட்டின் மேலேயே உட்காருகிறது. அதனால் 'முன்னேற்றம் சரியாக இருக்கிறது' என்று எழுதினேன். நூலில் 'அலர்ட் கோட்டுக்கு 2 மணி நேரம் வலப்பக்கம்' என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

இன்னொன்று. 8 செ.மீ.க்கு மேல் போனால் அது தனிக் கட்டமா? வகுப்பில் 'டிரான்சிஷன்' என்றார்கள். அது முதல் கட்டமா, இரண்டாவதா?

பழைய நோட்டு:

இடது பக்கம் லேட்டன்ட் கட்டத்துக்கு, அதாவது வாய் மெதுவாக விரியும் தொடக்கப் பகுதிக்கு, 8 மணி நேரம் விட வேண்டும். அதை விட்டுவிட்டீர்கள், அதுதான் பிழை. நாங்கள் படித்தபோது வேகமாக விரியும் ஆக்டிவ் கட்டம் 3 செ.மீ.யில் தொடங்கும், அங்கிருந்துதான் கோடு ஏறும். அப்புறம், அலர்ட் கோட்டைத் தாண்டினால் சிசேரியன் என்று எழுதிவிடுங்கள், மதிப்பெண் கிடைக்கும்.

லேபர் ரூம் அக்கா:

அச்சுப்பிழை இல்லை தங்கச்சி. நீ செய்த தவறைத்தான் புதிதாக வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கிறேன். அதைக் கண்டிப்பாகத் திருத்திக்கொள்ள வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

அலர்ட் கோடு 4 செ.மீ.யில் தொடங்கி மணிக்கு 1 செ.மீ. வீதம் ஏறி ஆறு மணி நேரத்தில் 10 செ.மீ.யைத் தொடுகிறது. இடது ஓரம் என்றால் '4 செ.மீ. ஆன நேரம்' என்று பொருள். அவர் மருத்துவமனைக்கு வந்த நேரம் அல்ல. உன் பெண் வரும்போதே 6 செ.மீ. ஆகவே முதல் குறியை அலர்ட் கோடு 6 செ.மீ.யைக் கடக்கும் இடத்தில், அதாவது இரண்டாவது மணியில், கோட்டின் மேலேயே போட வேண்டும். அந்தக் கட்டத்துக்கு நேர் கீழே '10.00' என்று எழுது. கடிகார நேரத்தை அங்கிருந்து வலப்பக்கம் நகர்த்து. மதியம் 2 மணி ஆறாவது மணியில் விழும். அங்கே கோடு 10 செ.மீ.யில் இருக்கிறது. உன் குறி 8-இல் இருக்கிறது. கோடு 8 செ.மீ.யைக் கடந்தது நான்காவது மணியில். வித்தியாசம் 2 மணி நேரம். நூல் சொன்னது அதைத்தான்.

நீ இடது ஓரத்தில் போட்டபோது அந்த 2 மணி நேரத்தை அவருக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டாய். மெதுவாகப் போகிற பிரசவம் தாளில் நன்றாகப் போகிறதாகத் தெரிகிறது. வந்தபோது 8 செ.மீ. இருந்திருந்தால் 4 மணி நேரத்தை மறைத்திருப்பாய். ஆக்ஷன் கோடு அலர்ட் கோட்டுக்கு 4 மணி நேரம்தான் தள்ளி இருக்கிறது. அந்த இடைவெளி முழுக்கக் காணாமல் போயிருக்கும்.

பழைய நோட்டு சொல்கிற 8 மணி நேரம் 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட படிவத்தில் உண்டு. 2000-இல் அதை எடுத்துவிட்டு 4 செ.மீ.யில் தொடங்கினார்கள். உன் படிவத்தில் அந்த இடமே இல்லை, அதனால் அதைத் தேடாதே. சிசேரியன் பற்றிச் சொன்னதும் சரியில்லை. அலர்ட் கோட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேடு, கண்காணிப்பை நெருக்கமாக்கு, வசதி இல்லாத இடமானால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு என்று பொருள். ஆக்ஷன் கோட்டில் மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு எப்போதும் அறுவைச் சிகிச்சையாக இருக்காது.

டிரான்சிஷன் தனிக் கட்டம் இல்லை. முதல் கட்டத்தின் கடைசிப் பகுதியை அப்படிச் சொல்கிறோம். 10 செ.மீ. ஆகும் வரை முதல் கட்டம்தான். குழந்தை பிறக்கும் வரை இரண்டாவது, நச்சுக்கொடி வெளிவரும் வரை மூன்றாவது. 8 செ.மீ.யில் 'முக்க வேண்டும் போல இருக்கிறது' என்று அவர் சொன்னாலும் கட்டம் மாறிவிட்டது என்று எழுதிவிடாதே.

ஒன்பதாம் மாதம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் படிக்கிறவள் இல்லை. என் முதல் பிரசவத்தில் 3 செ.மீ.யிலேயே ஒரு ராத்திரி முழுக்க இருந்தேன். யாரும் இந்த கிராஃப் எதையும் போடவில்லை. கவனிக்காமல் விட்டுவிட்டார்களா? அடுத்த குழந்தைக்கு இப்போது நாள் நெருங்குகிறது, இதைப் படித்ததும் பயம் வந்துவிட்டது.

லேபர் ரூம் அக்கா:

பயப்பட வேண்டாம்மா. 3 செ.மீ. அந்தப் படிவத்தில் இன்னும் தொடங்காத பகுதி. லேட்டன்ட் கட்டத்துக்கு நிலையான கால அளவே கிடையாது, ஒருவருக்கொருவர் மிகவும் மாறும். அதை கிராஃபில் ஏற்றினால் எல்லாருமே கோட்டைத் தாண்டியதாகத் தெரிந்து, தேவையில்லாமல் வலி வரவைக்கும் ஊசி போடுவார்கள். அந்த 8 மணி நேரத்தை எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கிராஃப் இல்லை என்பதற்காகக் கவனிப்பு இல்லாமல் போகக் கூடாது. குழந்தையின் துடிப்பு, உங்கள் நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் தனித்தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி எழுதினார்களா என்பது எனக்குத் தெரியாது. இப்போது பார்க்கிற மருத்துவரிடம் முதல் பிரசவத்தின் குறிப்பைக் காட்டிப் பேசுங்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவி:

அக்கா, மறுபடி போட்டேன், 2 மணி நேரம் சரியாக வந்துவிட்டது. வலிப் பகுதியிலும் தவறு செய்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. 30 நொடி என்பதால் மூன்று கட்டங்கள் என்று எண்ணியிருந்தேன். எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், நொடிக்கு நிரப்பும் விதம், அப்படித்தானே? இப்போது அடுத்த கேள்வி. 'தாமதத்துக்குக் காரணம் எழுதுக' என்று இருக்கிறது. கோட்டை வைத்து இதை எப்படிச் சொல்வது?

லேபர் ரூம் அக்கா:

வலி நீ சொன்னது சரி. 10 நிமிடத்தில் எத்தனை வலியோ அத்தனை கட்டம். 20 நொடிக்குக் குறைவென்றால் புள்ளிகள், 20 முதல் 40 வரை சாய்கோடுகள், 40-க்கு மேல் முழுக்க அடைத்த கட்டம். உன் தற்செயலான 3 சரியாக வந்துவிட்டதால் தவறு தெரியவில்லை. 2 மணிக்கு இரண்டே கட்டம், சாய்கோடு.

காரணத்தைக் கோடு சொல்லாது. 2 மணி என்ற நெடுக்கு வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கு. துடிப்பு 136, குழந்தை நன்றாக இருக்கிறது. பனிக்குடம் உடையவில்லை. மண்டை எலும்புகள் தொடுகின்றன, ஏறவில்லை. அதாவது தலை இடுப்பெலும்பில் கடுமையாக நெருக்கப்படவில்லை. தலை இறங்கவும் இல்லை. அதற்குக் கீழே வலியைப் பார்: 3-இலிருந்து 2, 30 நொடியிலிருந்து 25. வலி குறைந்துகொண்டே போகிறது. இந்த வரிசையை வைத்து, வலி போதாமை என்றுதான் நான் முதலில் எழுதுவேன்.

எண்களைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். அதே 8 செ.மீ., அதே ஐந்தில் மூன்று. ஆனால் 10 நிமிடத்தில் 4 வலி, 45 நொடி, மண்டை எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, விரலால் அழுத்தினால் பிரியவில்லை. கோடு அச்சு மாறாமல் அதேதான். இங்கே தலைக்கும் இடுப்புக்கும் பொருத்தமில்லை என்று சந்தேகிக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு வலி அதிகரிக்கும் மருந்து கொடுத்தால் கருப்பை கிழியும் அபாயம் இருக்கிறது. ஒரே கோடு, இரண்டு எதிரெதிர் முடிவுகள். அதனால்தான் கோட்டை மட்டும் பார்க்காதே என்கிறேன்.

உன் கேள்வியில் சிறுநீர் வரிசை காலியாக இருக்கிறதா என்று பார். காலியாக இருந்தால் அதையும் எழுது. நிறைந்த சிறுநீர்ப்பையே தலையை இறங்க விடாமல் தடுக்கும். நீ செய்ய வேண்டியவை: சிறுநீர் கழிக்க வைப்பது, எழுந்து நடக்க வைப்பது, நீராகாரம் கொடுப்பது, மருத்துவருக்குத் தெரிவிப்பது. பனிக்குடத்தை உடைப்பதோ வலியை அதிகரிக்கும் ஆக்ஸிடோசின் தொடங்குவதோ தலை இறங்கும் வழியில் அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு மருத்துவர் எடுக்கும் முடிவு.

புதிய படிவம்:

எங்கள் பிரிவில் 2020-இல் வந்த பிரசவப் பராமரிப்புத் தாளுக்கு மாறிவிட்டோம். அதில் அலர்ட் கோடும் இல்லை, ஆக்ஷன் கோடும் இல்லை. ஆக்டிவ் கட்டம் 5 செ.மீ.யில் தொடங்குகிறது. மணிக்கு 1 செ.மீ.யை விட மெதுவாக விரிந்தும் நலமாகப் பிரசவிக்கிறவர்கள் நிறைய என்பதால் ஒவ்வொரு செ.மீ.க்கும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். 6-இல் 5 மணி நேரம், 8-இல் இரண்டரை மணி நேரம் நின்றால்தான் எச்சரிக்கையாக வட்டமிடுவோம். இந்தப் பெண்ணைப் பொறுத்தவரை 2 மணிக்கு விரிவு வரிசையில் வட்டமே வராது.

ஆனால் வலி வரிசையில் வரும். 10 நிமிடத்தில் 2 அல்லது அதற்குக் குறைவு என்றால் அங்கே வட்டமிட வேண்டும். அக்கா விரலை வைத்துக் காட்டிய அதே இடம்தான்.

லேபர் ரூம் அக்கா:

அது நல்ல மாற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். தாள் எதுவானாலும் நான் 4 மணிக்குக் கையுறை போட்டுவிடுவேன். அப்போதும் 8-இலேயே நின்றால் பழைய தாளில் ஆக்ஷன் கோட்டைத் தொடுகிறார்.

புதிய படிவம்:

நான் 6 மணி வரை காத்திருப்பேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்பரிசோதனை போதும். ஒவ்வொரு முறையும் தொற்று அபாயம் உண்டு. இடையில் துடிப்பு மாறினாலோ பனிக்குடம் உடைந்தாலோ வேறு விஷயம்.

லேபர் ரூம் அக்கா:

வலி குறைந்துவிட்ட பெண்ணை 6 மணி வரை விட எனக்கு மனம் வராது. 4 மணிக்கு வலி 3-க்கு ஏறியிருந்தால் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், வயிற்றைத் தொட்டுத் தலை இறக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டு மாணவி:

தேர்வில் 4 செ.மீ. படிவம்தான் வருகிறது என்று ஆசிரியை சொன்னார், அதனால் விடையை அதன்படி எழுதுகிறேன். சிறுநீர் வரிசை காலியாகத்தான் இருந்தது அக்கா. நான் அதைக் கேள்வியில் விட்டுப்போனது என்று நினைத்துக் கடந்துவிட்டேன். இன்னொரு சின்னச் சந்தேகம்: 10 செ.மீ. ஆனதும் படிவத்தை மூடிவிடலாமா?

லேபர் ரூம் அக்கா:

மூடாதே. விரிவுக் கோடு மட்டும்தான் 10-இல் நிற்கிறது. அதுவரை அரை மணிக்கு ஒருமுறை எழுதிய துடிப்பை இரண்டாவது கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். தலை இறக்கமும் வலியும் அந்த வரிசைகளிலேயே தொடரும். குழந்தை பிறந்த நேரத்தை எழுதிய பிறகுதான் பேனாவை வை.