அம்போடு காணாமற்போன V: ஸ்கிரீன்ஷொட் அனுபவங்கள்

ஹட்டன், ஐசிடி ஆசிரியர்

தனிப்பட்ட பரீட்சார்த்திகள் இணையத்தில் நிரப்பும் விண்ணப்பப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட் ஒன்று என்னிடம் வந்தது. மாதிரிக்காக நிரப்பியிருந்த அடையாள அட்டை இலக்கத்தின் மேல் முதலில் ஒரு தடித்த சிவப்பு அம்பு இருந்திருக்கிறது. பயிற்சித்தாளுக்கு அம்பில்லாத படம் தேவைப்பட, வட்ஸ்அப்பில் சுற்றிய பிரதியை எடுத்து யாரோ வெள்ளைத் தூரிகையால் அம்பை அழித்திருக்கிறார்கள். பழைய அட்டையில் 9 இலக்கங்களுக்குப் பிறகு V அல்லது X வரும். அம்பின் முனை சரியாக அந்த V மேல் இருந்ததால் அதுவும் சேர்ந்து போய்விட்டது. பிள்ளைகள் அதைப் பார்த்து 9 இலக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

ஒற்றைப் படமாக்கிய பிரதியில் அம்புக்குக் கீழே ஒன்றுமே கிடையாது. அழிக்கிறவர் அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துத்தான் நிரப்புகிறார். வெறும் வெள்ளை இடமென்றால் தப்பிக்கலாம், எழுத்து இருந்தால் முடியாது.

நான் GIMP என்ற படத்திருத்த மென்பொருளில் செய்வது இப்படி. லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் தாள் மாதிரி. ஸ்கிரீன்ஷொட் அடி லேயராக இருக்கும். திறந்தவுடன் அதன் பிக்சல்களைப் பூட்டிவிடுவேன். மேலே ஒளிபுகும் புது லேயரில் அம்புகள், அதற்கும் மேலே எழுத்துகள். தமிழ் விளக்கம் ஒரு குழு, சிங்கள விளக்கம் இன்னொரு குழு. Ctrl+S அடித்தால் `.xcf` ஆகச் சேமிக்கும், லேயர்கள் அப்படியே இருக்கும். சிங்களப் பிரதி வேண்டுமென்றால் தமிழ்க் குழுவின் கண் அடையாளத்தை அணைத்துவிட்டு `Export As` வழியாக PNG எடுப்பேன். கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் அதில் போகும். பயிற்சித்தாளுக்கு இரண்டு குழுக்களையும் அம்பு லேயரையும் அணைத்தால் போதும், V தன் இடத்தில் இருக்கும்.

பதுளை, கொமியூனிகேஷன் கடை

சேர், பிரச்சினை ஜேபெக்கில்தானே? PNG ஆக இருந்தால் பக்கெட்டால் வெள்ளை ஊற்றி அம்பைச் சுத்தமாக எடுக்கலாம். நான் விலைப்பட்டியல்களில் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஹட்டன், ஐசிடி ஆசிரியர்

ஜேபெக் இன்னும் மோசம் என்பது சரி. சிவப்பின் ஓரத்தில் நிறம் அக்கம்பக்கத்துக்குக் கசியும். ஆனால் PNG-யிலும் அம்பின் விளிம்பு மெதுவாக வெள்ளையில் கரைவதற்காக இளஞ்சிவப்புப் பிக்சல்கள் இருக்கும். பக்கெட் அவற்றை விட்டுவிடும். 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், அம்பின் உருவம் மெல்லிய கோடாகத் தெரியும். V விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், திரும்ப வராது.

தலவாக்கலை

இவ்வளவு வேலை எதற்கு? என் போனில் கேலரியில் அம்பு போட்டாலும் `Revert` அழுத்தினால் பழைய படம் வந்துவிடுகிறதே. மகளின் பாடசாலைப் படிவத்துக்கும் அப்படித்தான் செய்தேன்.

பண்டாரவளை, அச்சக வடிவமைப்பாளர்

அது உங்கள் போனில் இருக்கும் படத்துக்கு மட்டும்தான், அண்ணா. வட்ஸ்அப்பில் போன பிரதி ஒற்றைப் படம். அங்கே யாரும் பின்வாங்க முடியாது. தமிழும் சிங்களமும் தனித்தனியாக வேண்டுமென்றாலும் அது உதவாது.

சேர் சொன்ன முறையில் அடிக்கடி கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. அடி லேயரைப் பூட்டாமல் வேலை செய்தால், எந்த லேயரைத் தெரிவு செய்திருக்கிறோம் என்று பார்க்காமல் அம்பை ஸ்கிரீன்ஷொட்டின் மேலேயே வரைந்துவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க, அடி லேயரைத் தவிர எல்லாவற்றின் கண்ணையும் அணையுங்கள். ஒரு சிவப்புப் புள்ளி மிச்சமிருந்தாலும் அது உள்ளே பதிந்துவிட்டது. கோப்பை மூடும் முன்பே பாருங்கள். மூடிவிட்டால் `Undo` வரிசையும் போய்விடும்.

இன்னொன்று. கறுப்புப் பெட்டி லேயர் போட்டு அடையாள அட்டை இலக்கத்தை மறைத்துவிட்டு, திருத்துவதற்கென்று `.xcf` கோப்பையே ஒருவருக்கு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியின் கண்ணை அணைத்தால் இலக்கம் முழுதாகத் தெரியும். உண்மையான ஆளின் இலக்கமென்றால் அடி லேயரின் பூட்டை எடுத்துவிட்டு, அதிலேயே இலக்கத்தின் மேல் வேறு நிறம் பூசி அழித்துவிடுங்கள். அங்கே அழிப்பதுதான் சரி.

நுவரெலியா, தொண்டர் ஆசிரியை

இணையதளத்தின் வடிவம் மாறினால் என்ன செய்வீர்கள், சேர்? புது ஸ்கிரீன்ஷொட்டை `Open as Layers` மூலம் கீழே போட்டேன். பழைய அம்புகள் வேறு கட்டங்களைக் காட்டி நிற்கின்றன.

ஹட்டன், ஐசிடி ஆசிரியர்

எழுத்துகளைக் காப்பாற்றலாம், டீச்சர், இழுத்து வைத்தால் போதும். ஆனால் தூரிகையால் வரைந்த அம்பின் நீளத்தை மாற்றினால் முனை நசுங்கும், அதைத் திரும்ப வரைவதே மேல். அம்புகளை மட்டும், வரைந்ததைக் கோடாகவே வைத்திருக்கும் Inkscape மென்பொருளில் வரைந்தால் முனையைப் பிடித்து இழுக்கலாம். எங்கள் லேபில் சில கணினிகள் பழையவை, அதில் இரண்டு மென்பொருளையும் ஒன்றாகத் திறந்து பிள்ளைகளிடம் கொடுக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

பண்டாரவளை, அச்சக வடிவமைப்பாளர்

Inkscape-இலேயே ஸ்கிரீன்ஷொட்டையும் உள்ளே கொண்டுவரலாமே, சேர். அதிலும் லேயர் உண்டு, கண்ணும் உண்டு. படத்தை உள்ளே எடுக்கும்போது `Embed` என்று கொடுங்கள். `Link` கொடுத்தால், கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோனதும் அம்பு இருக்கும், படம் இருக்காது.